அறையைக் காலி செய்யாமல் மூட்டைப்பூச்சியை ஒழிப்பது

மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர வேறெதையும் உண்ணாது. அதற்கு இறக்கை இல்லை. பேனைப் போல உடலிலேயே தங்கி வாழ்வதும் இல்லை. இரவில் வந்து ஐந்து முதல் பத்து நிமிடம் ரத்தம் குடித்துவிட்டு, அருகிலுள்ள ஏதாவது ஓர் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அடுத்த சில நாட்களுக்கு அங்கிருந்து அசையாது. உலகில் மனிதரை அண்டி வாழும் மூட்டைப்பூச்சிகளில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. குளிர்நாடுகளில் பரவலாக இருப்பது சிமெக்ஸ் லெக்டுலேரியஸ். தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்பமான பகுதிகளில் பெரும்பாலும் காணப்படுவது சிமெக்ஸ் ஹெமிப்டரஸ். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒழிக்கும் முறையில் ஒரு முக்கியமான இடத்தில் இந்த வேறுபாடு குறுக்கிடும்.

வாடகை அறையில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது வேறு அறைக்கு மாறிவிடலாம் என்பதுதான். அதனால் பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. பெட்டியின் தையல் ஓரத்திலும், புத்தகத்தின் முதுகிலும், தலையணை உறையின் மடிப்பிலும் முட்டைகள் ஒட்டிக்கொண்டு புது அறைக்கும் வந்து சேரும். கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி போனாலும் போதும், அதன் வழியில் ஒரு கூட்டமே உருவாகிவிடும். நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்தாலும் இந்தப் பூச்சியின் பெருக்கம் குன்றுவதில்லை. அறையிலேயே இருந்துகொண்டு ஒழிப்பதுதான் செலவு குறைந்த வழி. சரியாகச் செய்தால் உறுதியான வழியும் அதுதான்.

ஆறு வாரக் கணக்கு

மூட்டைப்பூச்சியை ஒழிக்கும் வேலை ஒரே நாளில் முடியாமல் போவதற்குக் காரணம் அதன் முட்டை. வெண்மையாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும் அந்த முட்டையைப் பெண் பூச்சி மரத்திலோ துணியிலோ பசை போட்டதுபோல ஒட்டிவைக்கிறது. நாளொன்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிய ஆறு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்து வரும் குஞ்சு வைக்கோல் நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அது வளர்ந்த பூச்சியாவதற்குள் ஐந்து முறை தோல் உரிக்க வேண்டும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கு முன்பும் ஒரு வேளையாவது ரத்தம் குடித்தாக வேண்டும். தொடர்ந்து ரத்தம் கிடைத்தால் ஐந்தாறு வாரத்தில் முட்டை வளர்ந்த பூச்சியாகிவிடும்.

வீட்டில் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை முட்டையைச் சரியாகத் தாக்குவதில்லை. அதனால் முதல் சுற்றில் அத்தனை பூச்சிகளும் செத்துவிட்டதாகத் தோன்றினாலும், பத்து நாள் கழித்துப் புதிய குஞ்சுகள் வெளியே வரும். அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் இரண்டாவது சுற்றை முடித்துவிட வேண்டும். இரண்டாவது சுற்றில் தப்பியவற்றுக்காக மூன்றாவது சுற்று. சுற்றுகளுக்கு இடையே பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளி வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். முதல் சுற்றோடு நிறுத்திவிடுவதே தோல்விக்கான பொதுவான காரணம்.

கடித்த தடம் மட்டும் போதாது

தோலில் தடிப்பு இருப்பதை வைத்து மட்டும் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. கொசுக்கடியும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். சிலருக்கு மூட்டைப்பூச்சி கடித்தால் தடமே தெரியாது. சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் தடிக்கும். ஒரே அறையில் இருவர் படுத்திருக்க, ஒருவர் உடம்பு முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார், மற்றவர் எதுவும் தெரியாமல் தூங்குவார். ஆகவே அடையாளத்தை அறையில்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரு டார்ச் விளக்கும், காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றும், ஈரத் துணியும் போதும். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துக்கொண்டே நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். பேனா மையை வைத்ததுபோலக் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால், அவற்றின் மேல் ஈரத் துணியை அழுத்த வேண்டும். புள்ளி கரைந்து பழுப்பும் சிவப்புமாகப் பரவினால் அது மூட்டைப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். அதோடு உரித்துப்போட்ட வெளிர்பழுப்புத் தோல்களும், வெள்ளை முட்டைகளும் கிடைக்கலாம். வளர்ந்த பூச்சி ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம் இருக்கும்; தட்டையாக, சிவப்பு கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். ரத்தம் குடித்தபின் உப்பி நீண்டுவிடும்.

மெத்தைக்கு அடுத்தது கட்டில். மரக்கட்டிலில் காலும் சட்டமும் சேரும் பொருத்துகள், பலகைகளுக்கு இடையிலுள்ள சந்துகள், ஆணித் துளைகள், தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் ஆகிய எல்லாவற்றிலும் அட்டையின் விளிம்பை நுழைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இரும்புக் கட்டிலில் குழாயின் திறந்த முனைகளைப் பார்க்க வேண்டும். முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே கூட்டமாக இருப்பது தெரியும். அதன்பின் படுக்கையைச் சுற்றி: சுவரில் மாட்டிய நாள்காட்டியின் பின்புறம், சுவிட்ச் போர்டின் விளிம்பு, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசல், கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கும் பெட்டி. கூட்டத்தில் பெரும்பங்கு தூங்குபவரிடமிருந்து ஆறேழு அடிக்குள்தான் இருக்கும். அதனால் அறை முழுவதற்கும் ஒரே அளவு உழைப்பைச் செலவிட வேண்டியதில்லை. கட்டிலும் அதைச் சுற்றிய பகுதியும்தான் முதன்மைக் களம்.

முதல் நாள் வேலை

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இருப்பதுபோன்ற, பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மரக்கட்டில், ஓர் இலவம்பஞ்சு மெத்தை, ஒரு தலையணை, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, சுவரலமாரியில் துணிகளும் புத்தகங்களும், கொடியில் தொங்கும் சட்டைகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் சொத்து. தேவையான பொருட்கள்: இருபது பெரிய பாலித்தீன் பைகள், ஒட்டும் டேப், தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கெட்டில், கெட்டியான பிரஷ், முகப்பவுடர், சுவர் விரிசலை அடைக்க ஒரு கிலோ பட்டி, கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கச் சிறிதும் பெரிதுமாக எட்டுக் கிண்ணங்கள், மெத்தையை முழுவதும் மூடும் ஜிப் வைத்த உறை ஒன்று. ஒரு விடுமுறை நாள் முழுவதும் இதற்கு வேண்டியிருக்கும்.

முதலில் துணிகள். அவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் பூச்சி உதிரும். அறைக்குள்ளேயே பைகளில் போட்டு, வாய் கட்டி, அதன்பிறகுதான் வெளியே எடுத்துச்செல்ல வேண்டும். சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் எல்லா முட்டையும் சாகாது; சாகடிப்பது சூடு. வளர்ந்த பூச்சி 48 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடத்தில் இறந்துவிடும். முட்டை அதே சூட்டை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கக்கூடியது. ஆகவே 60 டிகிரிக்குக் குறையாமல் அரைமணி நேரம் ஊறவைப்பது பாதுகாப்பான அளவு. கொதிநீர் இரண்டு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் ஒரு வாளியில் கலந்தால், துணி சூட்டை இழுத்த பிறகும் இந்த அளவு நிற்கும்; வாளியைத் தட்டால் மூடிவிட வேண்டும். சாயம் போகும் சட்டைகளையும் பேன்ட்டுகளையும் சூடான இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக, தையல் ஓரங்களில் அழுத்தி, இரண்டு பக்கமும் தேய்க்கலாம். இப்படிச் சூடு காட்டிய துணிகளைப் புதிய பைகளில் போட்டுக் கட்டிவிட வேண்டும். அடுத்த ஆறு வாரமும் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பையிலிருந்து எடுக்க வேண்டும். சுத்தமான துணியையும் இன்னும் சூடு காட்டாத துணியையும் ஒரே இடத்தில் வைத்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது மெத்தை. அதை மொட்டைமாடியில் வெயிலில் போட்டால் போதும் என்ற நம்பிக்கை பழமையானது. அதில் பாதிதான் உண்மை. மேல்பக்கம் கை வைக்க முடியாத அளவு சுட்டாலும், பஞ்சு சூட்டை உள்ளே விடாது. அடிப்பக்கம் நிழலின் வெப்பத்திலேயே இருக்கும். பூச்சிகள் அங்கே நகர்ந்துவிடும். கறுப்புப் பாலித்தீனில் சுற்றி வைத்தாலும் மெத்தை போன்ற தடிப்பான பொருளுக்கு இது பொருந்தும். ஆகவே மெத்தையின் தையல்களையும் பொத்தான் குழிகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதைச் சோப்புத் தண்ணீரில் விழச் செய்து, பிறகு ஜிப் உறைக்குள் முழுவதுமாக அடைத்துவிடுவதே நம்பகமானது. உள்ளே சிக்கியவை வெளியே வந்து கடிக்க முடியாமல் பட்டினியால் சாகும். ஜிப்பின் கடைசிப் பல் முடியும் இடத்தில் சிறு இடைவெளி இருக்கும்; அங்கே டேப் ஒட்ட வேண்டும். உறை கிழியாமல் ஓராண்டு வரை அப்படியே இருக்கட்டும். கிழிந்து பஞ்சு வெளியே வரும் மெத்தையானால் அதற்குச் செலவு செய்வதைவிட அப்புறப்படுத்துவது மேல். அப்போதும் பாலித்தீனில் சுற்றிக் கட்டி, கத்தியால் கிழித்துவிட்டு வீச வேண்டும். இல்லையென்றால் யாராவது எடுத்துப்போய்த் தம் அறையில் விரிப்பார்கள்.

மூன்றாவது கட்டில். அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, முடிந்தால் திருகுகளைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். பொருத்துகளிலும் சந்துகளிலும் பிரஷ்ஷால் தேய்த்தபின், கெட்டிலிலிருந்து கொதிநீரை மெல்லிய தாரையாக, அவசரமில்லாமல் ஊற்ற வேண்டும். நாலைந்து விநாடியில் ஒரு சாண் நீளத்தைக் கடந்துவிட்டால் அது வேகம் அதிகம். தண்ணீர் இடுக்கின் அடிவரை இறங்கும் முன்பே ஆறிவிடும். ஒவ்வொரு பொருத்துக்கும் இரண்டு முறை ஊற்றலாம். பிளைவுட் கட்டில் தண்ணீரில் உப்பிவிடும். அதற்கு நீராவிக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். சுவிட்ச் போர்டு, பிளக் ஆகியவற்றின் பக்கத்தில் கொதிநீரோ நீராவியோ போகவே கூடாது. கட்டில் முழுவதும் காய்ந்தபிறகு ஆணித் துளைகளையும் விரிசல்களையும் பட்டியால் அடைத்துவிட்டால், பூச்சி ஒளிய இடம் குறையும். அடுத்த சுற்றில் தேட வேண்டிய இடமும் குறையும்.

கடைசியாகச் சுவரும் மற்ற பொருட்களும். நாள்காட்டியையும் படங்களையும் எடுத்துவிட வேண்டும். மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டுச் சுவிட்ச் போர்டின் விளிம்பை உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். கதவு நிலை ஓரம், தரையும் சுவரும் சேரும் மூலை, அலமாரிப் பலகையின் ஓரம் ஆகியவற்றிலுள்ள விரிசல்களைப் பட்டியால் மூடவேண்டும். புத்தகங்களையும் பெட்டியையும் சூடு காட்ட முடியாது. அவற்றைப் பக்கம் பக்கமாகவும் தையல் தையலாகவும் பார்த்துத் துடைத்து, பைகளில் போட்டு, டேப் ஒட்டி ஆறு மாதம் மூடிவைப்பது ஒரு வழி. குளிரான இடத்தில் இந்தப் பூச்சி ஓராண்டு வரைகூடப் பட்டினி கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் அதன் உடல் வேகமாகச் செலவாவதால் அவ்வளவு காலம் தாங்காது. ஆறு மாதம் என்பது போதிய அளவுக்கு மேலானது. மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் டீப் ஃபிரீசர் கிடைத்தால் நான்கு நாள் போதும். சாதாரணச் சிறு குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு அந்த அளவுக்குக் குளிராது.

கட்டிலைத் தனிமைப்படுத்துதல்

முதல் நாள் வேலை எவ்வளவு கவனமாக நடந்திருந்தாலும், சுவரிலும் அலமாரியிலும் சில பூச்சிகளும் முட்டைகளும் எஞ்சியிருக்கும். அவை பசித்து வெளியே வரும்போது கட்டிலை அடையும் வழியில் பிடிபட வேண்டும். இதற்குக் கட்டிலுக்கும் அறைக்கும் உள்ள தொடர்பு அதன் நான்கு கால்கள் வழியாக மட்டுமே இருக்கும்படி செய்ய வேண்டும். கட்டில் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி நிற்க வேண்டும். போர்வையும் விரிப்பும் தரையில் தொடக் கூடாது. கைபேசி சார்ஜர் ஒயர் சுவரிலிருந்து படுக்கைக்கு வரக் கூடாது. கொசுவலை கட்டுபவர்கள் அதன் கயிற்றைச் சுவர் ஆணியில் கட்டியிருந்தால் அதுவே பூச்சிக்குப் பாலமாகிவிடும். கட்டிலிலேயே கம்பு நிறுத்தி அதில் கட்டி, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும்.

கட்டில் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது கிராமங்களில் எறும்புக்காகச் செய்யும் பழைய முறை. மூட்டைப்பூச்சிக்கு அதையே சற்று மாற்றி, இரட்டைக் கிண்ணமாக வைக்கலாம். உள்ளே இருக்கும் சிறிய, கனமான எவர்சில்வர் கிண்ணத்தில் கட்டில் கால் நிற்கும். அதில் தண்ணீர் இல்லை, உட்சுவரில் முகப்பவுடர் மெல்லியதாகப் பூசியிருக்கும். அதைச் சுற்றியுள்ள பெரிய கிண்ணத்தில் இரண்டு விரற்கடை சோப்புத் தண்ணீர். பெரிய கிண்ணத்தின் வெளிச்சுவரில் துணி டேப்பைச் சுற்றிவிட்டால், அறையிலிருந்து வரும் பூச்சி அதைப் பிடித்து ஏறி உள்ளே விழும். கட்டிலிலிருந்து இறங்குவது சிறிய கிண்ணத்தில் விழும். ஆகவே எந்தக் கிண்ணத்தில் பூச்சி கிடக்கிறது என்பதை வைத்தே மிச்சம் கட்டிலில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் நம் ஊர் இனத்தின் வேறுபாடு குறுக்கிடுகிறது. கடைகளில் கிடைக்கும் மூட்டைப்பூச்சிப் பொறிக் கிண்ணங்கள் குளிர்நாட்டு இனத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த இனத்தால் வழுவழுப்பான சுவரில் ஏற முடியாது. வெப்பநாட்டு இனத்தின் காலில் ஒட்டும் மயிர்கள் கூடுதலாக இருப்பதால் அது வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் ஏறித் தப்பிவிடும் என்பது 2017-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதனால்தான் வெறும் பொறியை நம்பாமல் பவுடரும் சோப்புத் தண்ணீரும் தேவைப்படுகின்றன. பவுடர் ஈரமாகிக் கட்டியானால் பயனில்லை. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். தண்ணீரை வாரம் இருமுறை கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும்.

இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால், அறையில் இருப்பவர் அதே கட்டிலில் தூங்க வேண்டும். மனிதர் விடும் மூச்சுக்காற்றும் உடல் சூடும்தான் ஒளிந்திருக்கும் பூச்சிகளை வெளியே இழுக்கின்றன. கடிக்குப் பயந்து தரையிலோ நண்பரின் அறையிலோ போய்ப் படுத்தால், பூச்சிகள் ஒளிவிடத்திலேயே காத்திருக்கும், அல்லது படுப்பவரைத் தேடிப் பரவும். மூட்டைப்பூச்சி இயல்பு வாழ்க்கையில் மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. கடியால் வருவது அரிப்பும் தூக்கக்கேடும்தான். சொறிந்த இடத்தில் புண் ஏற்பட்டாலோ ஒவ்வாமையால் உடம்பு வீங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்தின் இடமும் எல்லையும்

வீட்டு உபயோகப் பூச்சி ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவர்த்தியிலும் கரப்பான் சாக்பீஸிலும் இருப்பது அதே குடும்பம்தான். உலகெங்கும் மூட்டைப்பூச்சிகள் இந்த வகையை எதிர்த்து நிற்கும் தன்மையைப் பெற்றுவிட்டன. இதுவொன்றும் புதிதல்ல. டி.டி.டி வந்த காலத்தில் மூட்டைப்பூச்சி இனி இல்லை என்று நம்பப்பட்டது. ஆனால் 1940-களின் பிற்பகுதியிலேயே ஹவாயின் பேர்ல் ஹார்பர் படைக்குடியிருப்பில் டி.டி.டி-க்குச் சாகாத பூச்சிகள் கண்டறியப்பட்டன. பூச்சியின் மேல் நேராகப் படும் ஸ்பிரே அதைக் கொல்லலாம். காய்ந்த மருந்தின் மேல் அது நடந்துபோய்விடும். அறையை மூடிவிட்டுப் புகை போடும் டப்பாக்களாலும் பெரிய பயனில்லை. 2012-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்தபோது, வெளியே இருந்தவற்றில் பலவும் தப்பின. இடுக்கில் ஒளிந்திருந்தவற்றை அது தொடவே இல்லை. புகை இடுக்குக்குள் போவதில்லை என்பதே காரணம்.

போரிக் பவுடர் கரப்பானுக்குப் பலிக்கும். அது தின்று செத்துப்போகும். ரத்தத்தை மட்டும் உறிஞ்சும் மூட்டைப்பூச்சி பவுடரைத் தின்பதில்லை. அந்துருண்டை, கற்பூரம், வேப்பிலை ஆகியவற்றின் வாசனை சில பூச்சிகளை இடம் மாற்றலாமே தவிர கூட்டத்தை ஒழிப்பதில்லை. டயட்டமேஷியஸ் எர்த் என்னும் நுண்தூள் வேறு விதமாகச் செயல்படுகிறது: பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகை உறிஞ்சி, உடல் நீரை வற்றவைத்துக் கொல்கிறது. பூச்சிமருந்தாக விற்கப்படும் வகையை மட்டும், முகமூடி அணிந்து, அலமாரியின் பின்சந்து போன்ற காய்ந்த இடங்களில், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தூவலாம். குவியலாகக் கொட்டினால் பூச்சி சுற்றிப்போய்விடும். கடலோர ஈரக்காற்றில் இதன் வேகம் குறையும்.

சில முறைகள் பூச்சியைவிட மனிதருக்கு ஆபத்தானவை. கட்டிலில் மண்ணெண்ணெய் பூசுவது தீ விபத்துக்கு வழி. அதன் ஆவி மூச்சுக்கும் கெடுதல். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை அறையில் அடிப்பதும் கூடாது. தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அறையில் வைத்தால் பாஸ்பீன் வாயு வெளியாகும். அது சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து அறையில் தூங்குபவர்களையும் கொல்லும். வீடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைப்பதானால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், இரண்டாவது முறை எப்போது வருவார்கள்? ஒரே முறையில் முடித்துவிடுவோம் என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. அவர்கள் வந்தாலும் துணியும் கட்டிலும் சார்ந்த வேலை அறையில் இருப்பவருடையதுதான்; அதைச் செய்யாமல் அடித்த மருந்து பாதிப் பலனைக்கூடத் தராது.

இரண்டாவது, மூன்றாவது சுற்று

முதல் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் கிண்ணங்களைப் பார்த்து எண்ணிக்கையைக் குறித்துவைக்க வேண்டும். மேற்சொன்ன அறையில் நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதல் வாரம் வெளிக் கிண்ணங்களில் வளர்ந்த பூச்சிகள் விழும். இரண்டாவது வாரம் பொரிந்த சிறு குஞ்சுகள் தெரியும். இதைக் கண்டு எதுவும் பலிக்கவில்லை என்று மனம் தளரத் தேவையில்லை. முட்டைகள் பொரிந்து முடிகின்றன என்பதே அதன் பொருள். அந்த நேரத்தில், பத்தாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள், கட்டிலுக்குக் கொதிநீர், விரிப்புக்குச் சூடு, சுவர் ஓரத்துக்குப் பிரஷ் என்று இரண்டாவது சுற்றை முடிக்க வேண்டும். துணிகள் பைகளில் இருப்பதால் இம்முறை அரைநாளில் வேலை முடியும். அதற்கு இரண்டு வாரம் கழித்து மூன்றாவது சுற்று.

எண்ணிக்கை குறையாமல் இருந்தால் அதற்குக் காரணம் கிண்ணங்களிலேயே தெரியும். உள் கிண்ணத்தில் தொடர்ந்து விழுந்தால் கட்டிலில் பார்க்காத ஒரு பொருத்து இருக்கிறது, அல்லது மெத்தை உறை கிழிந்திருக்கிறது. வெளிக் கிண்ணத்தில் ஒரே காலில் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்துச் சுவரில் கூடு இருக்கிறது. கிண்ணங்கள் காலியாக இருந்தும் புதிய கடி விழுந்தால் எங்கோ ஒரு பாலம் இருக்கிறது. தொங்கும் போர்வை, ஒயர், கொசுவலைக் கயிறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அல்லது அது கொசுக்கடியாக இருக்கும்.

பக்கத்து அறைகள்

இதையெல்லாம் சரியாகச் செய்தும் மூன்று சுற்றுக்குப் பிறகு வளர்ந்த பூச்சிகள் வந்துகொண்டே இருந்தால், அவை பெரும்பாலும் அடுத்த அறையிலிருந்து வருகின்றன. கதவடி இடைவெளி, மின்கம்பிக் குழாய், பொதுச் சுவரின் விரிசல் ஆகியவையே வழிகள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 223 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடியில் முதன்முதலாகப் பூச்சி தென்பட்டதிலிருந்து 41 மாதத்துக்குள் ஏறக்குறைய 45 சதவீத வீடுகளுக்கு அது பரவியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அங்கே குடியிருந்தவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டில் பூச்சி இருப்பதே தெரியவில்லை.

ஆகவே வெட்கப்பட்டு மறைக்காமல், தொடக்கத்திலேயே இரண்டு பக்கத்து அறை, எதிர் அறை, மேல், கீழ் அறைகளில் இருப்பவர்களிடமும் உரிமையாளரிடமும் சொல்லிவிட வேண்டும். அழுக்கால் வரும் பூச்சி அல்ல இது. பேருந்து, ரயில், விடுதி, பழைய கட்டில் வழியாக யாருடைய அறைக்கும் வரும். எல்லா அறைகளிலும் ஒரே வாரத்தில் வேலை நடந்தால்தான் பயன் நிலைக்கும். சுவர் விரிசலை அடைப்பதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளரிடம் கேட்கத்தக்கவையே. 2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளையும் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதையும், வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம் தவிர, உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. பூச்சி மருந்துச் செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் முன்பே எழுதிக்கொள்வது நல்லது. சொல்லும்போது தேதி போட்ட படங்களும், கிண்ணத்தில் பிடிபட்ட பூச்சியை ஒட்டிவைத்த டேப்பும் கையில் இருந்தால் பேச்சு வாக்குவாதமாகாமல் வேலையில் முடியும்.

கடைசியாகப் பூச்சி தென்பட்ட நாளிலிருந்து எட்டு வாரம் கிண்ணங்கள் காலியாக இருந்து, புதிய கரும்புள்ளியும் தென்படாவிட்டால் அறை சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம். துணிப் பைகளை அப்போது பிரிக்கலாம். புத்தகப் பைகள் ஆறு மாதம் முடியும்வரை மூடியே இருக்க வேண்டும். கிண்ணங்களை மட்டும் எடுக்காமல் விட்டுவைப்பது நல்லது. ஊருக்குப் போய்வந்த பையைக் கட்டில்மேல் வைக்காமல் வாசலிலேயே பிரித்துத் துணிகளுக்குச் சூடு காட்டுவதும், பழைய கட்டிலோ மெத்தையோ வாங்கினால் அறைக்குள் கொண்டுவரும் முன் பொருத்துகளைச் சோதிப்பதும் மறுபடி பூச்சி நுழையும் இரண்டு முக்கிய வழிகளை அடைத்துவிடும்.